எதிர்வீட்டு கேட்டை மறித்து நின்ற கார்

அந்தச் சனிக்கிழமை காலையில் என் பார்லரின் இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஒன்றில் சோழபுரத்திலிருந்து வந்த கல்யாணப் பெண், முகத்தில் பேக் போட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இன்னொன்றில் அவளுடைய பெரியம்மா, தலை முழுக்க டை பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, கழுத்தில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வந்த பெண்கள் சிலர் சோபாவில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் வாசல்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பார்லர் என்று சொல்வது பெரிய வார்த்தை. அது எங்கள் வீட்டின் முன்னறைதான். ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் புதிதாக வந்த குடியிருப்பில், ஒரு முட்டுத் தெருவில் எங்கள் வீடு. தெருவின் கடைசியில் பஞ்சு குடோனின் சுவர். உள்ளே வந்த கார் அப்படியே ரிவர்ஸில்தான் வெளியே போக வேண்டும். எதிரெதிரே இரண்டு கார் நின்றால் நடுவில் சைக்கிள்கூட நுழையாது.

வெளியே ஹாரன் கேட்டது. ஒருமுறை அடித்தால் கவனிக்க மாட்டேன். விடாமல் அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கல்யாண வீட்டார் வந்த கார் எதிர்வீட்டு கேட்டை முழுக்க மறித்து நின்றது. எதிர்வீட்டு அண்ணாச்சி, போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர், போர்ட்டிகோவில் தன் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர். மதினிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். செவ்வாய், வியாழன், சனி. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"யாரு வண்டி? எடுங்கக்கா சீக்கிரம்!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன்.

வண்டியை ஓட்டிவந்தது பெண்ணின் அண்ணன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு யாரோ நண்பனின் பைக்கில் ஏறி பஜாருக்குச் சாப்பிடப் போய்விட்டான். பெரியம்மா பிளாஸ்டிக் தொப்பியோடேயே தெருவுக்கு இறங்கி, நெற்றியில் டை வழிய, போனில் அவனைத் திட்ட ஆரம்பித்தார். வாசல்படியில் நின்ற பெண்கள் எல்லாரும் காரையும் எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள், பெரியம்மாவின் கோலத்தைப் பார்த்துத்தான்.

நான் எதிர்வீட்டு கேட்டுக்குப் போய், "அண்ணாச்சி, இந்தா வந்துருவான், மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேரம் தவறிப் போனா மிசின முழு நேரமும் ஓட்ட மாட்டாக, தாயி. அடுத்த ஆளு காத்துக் கெடப்பாக. பாதியில எறக்கி விட்ருவாக" என்றார். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை. இடது கையை நைட்டிமேல் போட்டிருந்த துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

அந்தப் பையன் வந்து காரை எடுத்தபோது எனக்கு வியர்த்து ரவிக்கை நனைந்திருந்தது. உள்ளே வந்தால் கல்யாணப் பெண்ணின் முகத்தில் பேக் காய்ந்து வெடித்திருந்தது.

மாலையில் எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காரின் படம் வந்தது. தொப்பி போட்ட பெரியம்மாவும் ஓரத்தில் தெரிந்தார். கீழே ஒரே ஒரு வரி: "இது குடியிருப்பா, கடைத்தெருவா?" வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. நான் அந்தக் குழுவில் இருப்பதை யாரும் நினைக்கவில்லையா, நினைத்துத்தான் போட்டார்களா என்று தெரியவில்லை.

நான் வீட்டில் பார்லர் வைத்தது ஆசைப்பட்டு இல்லை. என் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார், வடக்கே. வருஷத்தில் லீவுக்கு வருவதுதான். இந்த வீட்டைக் கட்டி முடித்த கையோடு மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போனது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். கஞ்சியைக் கரண்டியில் ஊட்ட வேண்டும். அதுவரை பஜாரில் ஒரு பார்லரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள் நான். வேலையை விட்டுவிட்டு முன்னறையில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டேன். முதலில் ஐப்ரோ எடுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். பிறகு அவர்கள் சொல்லி மற்றவர்கள். முகூர்த்த மாதங்களில் மகாராஜபுரம், வத்திராயிருப்பு என்று ஊர் ஊராகப் பெண் வீட்டார் வர ஆரம்பித்தார்கள். இரண்டாவது நாற்காலி வாங்கினேன். கேட்டில் சின்னதாக ஒரு போர்டு மாட்டினேன். நடுவறையில் அத்தை படுத்திருப்பார். ஒரு ஃபேஷியலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் போய்ப் புரட்டிவிட்டு வருவேன். எல்லாம் ஒரே கூரைக்குள் நடந்ததால்தான் எல்லாமே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் தணிந்த குரலில்தான் சொல்வார். தலைவர் பஞ்சு வியாபாரி. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ். அவருக்கு இரண்டு கார். இரண்டும் தெருவில்தான் நிற்கும். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நீங்க ஒழைக்கிறத நாங்க குத்தம் சொல்லலம்மா" என்று ஆரம்பித்தார் செயலாளர். "ஆனா அன்னைக்கி நடந்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்."

"அது தப்புதான் சார். இனிமே நடக்காது."

"அது மட்டுமில்லம்மா. பொண்ணுகள வண்டியில கூட்டிட்டு வாறவனுக தெருவுலயே நிக்கானுக. சிகரெட்டு குடிக்கானுக. எவன் எவன்னு யாருக்குத் தெரியும்? எங்க வீட்லயும் பொம்பளப் பிள்ளைக இருக்கு" என்றார் இன்னொருவர்.

"சாயங்காலம் பிள்ளைக வெளையாட முடியல. எங்க பாத்தாலும் ஸ்கூட்டி" என்றார் வேறொருவர்.

"வாய்க்கால்ல முடி அடைச்சுக் கெடக்கு."

"முடிய நான் கவர்ல கட்டி குப்பை வண்டியிலதான் போடுறேன்" என்றேன். அது ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. மற்றதெல்லாம் உண்மை. அவர்கள் சொன்ன ஆண்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய், இங்கே நிற்காதீர்கள் என்று சொல்ல எனக்கும் கூச்சம்.

தலைவர் கடைசியில் சொன்னார்: "ஒரு மாசம் டைம் எடுத்துக்கோம்மா. பஜார்ல எங்கயாச்சும் ஒரு கடையப் பாத்துப் போயிரு."

"எந்த விதியில சார் வீட்ல பார்லர் வைக்கக் கூடாதுன்னு இருக்கு?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதிய நகராட்சியில கேட்டுக்கிடுவோம்மா" என்றார்.

எதிர்வீட்டு அண்ணாச்சி கூட்டத்துக்கு வந்திருந்தார். கதவோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார்.

சொன்னபடியே மனு போனது. நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து முன்னறையை அளந்தார். அவர் கையில் மனுவின் நகல் இருந்தது. அடியில் தெருவாரின் கையெழுத்துகள். நான் எட்டிப் பார்த்தேன். அதில் பாதிக்குமேல் பெண்கள். போன வாரம் என் நாற்காலியில் படுத்து, "வலிக்காம எடுக்கிறது நீ ஒருத்திதான்டி" என்று சொன்னவரின் கையெழுத்தும் இருந்தது. கோபம் வரவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது. என் முன்னால் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிப் படுக்கிறவர்கள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று இனிமேல் எப்படித் தெரியும்?

நகராட்சிக்காரர் நல்ல மனிதர். டேப்பைச் சுருட்டியபடி, "வீட்ல ஒரு ரூம்ல சின்னதா வச்சிருக்கீங்க. இத ஒரேயடியா மூடுன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா தொழில் லைசென்ஸ் எடுக்கணும். இந்த ரூமுக்கு மட்டும் வரி வீட்டு வரியில இருந்து வியாபாரத்துக்கு மாறும்" என்றார்.

"வண்டி நிறுத்துறதுக்கு என்ன சார் பண்ணணும்?"

"அது எங்க கையில இல்ல. தெருவுல வண்டி நின்னா போலீஸ்தான்." போகும்போது மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். "கரண்டு வீட்டு லைன்லயா ஓடுது? அத மொதல்ல மாத்துங்க. எவனாவது ஈபிக்கு எழுதிப் போட்டான்னா அபராதம் வந்து நிக்கும்."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஹேர் டிரையர், ஸ்டீமர், ஃபேன் எல்லாம் வீட்டு மீட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கே பார்லரைச் சாத்திவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த அறைக்கு மட்டும் வணிகக் கட்டணத்தில் தனி மீட்டர் கேட்டு எழுதிக் கொடுத்து, வயரிங்கைப் பிரித்து, மீட்டர் வரும்வரை கடையைத் திறக்கவில்லை. வந்தவர்களிடம் கேட்டிலேயே நின்று அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது எப்போதும் உண்மைதானே.

நகராட்சியில் வேலை நடக்காதது தெரிந்ததும் சங்கம் காவல் நிலையத்தில் மனு கொடுத்தது. விசாரணைக்கு இரண்டு தரப்பையும் வரச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ. என்னைவிடச் சின்னவர். செயலாளர் பேசியதை முழுக்கக் கேட்டார்.

"சார், கடைய மூடச் சொல்றதுக்கு உங்க சங்கத்துக்கு அதிகாரம் இல்ல. எங்களுக்கும் இல்ல" என்றார் அவரிடம். எனக்கு மூச்சு வந்தது. உடனே என் பக்கம் திரும்பினார். "ஆனா அடுத்தவுக கேட்ட மறிச்சு வண்டி நின்னா நாங்க கேஸ் போடுவோம். வண்டி உங்களுதா?"

"இல்ல மேடம், கஸ்டமரோடது."

"அப்ப கேஸ் கஸ்டமர் மேலதான் விழும். ஒரு கல்யாண வீட்டுக்காரன் மேல ஒரு தடவ விழுந்தா, பொறவு உங்ககிட்ட யாரு வருவா?" என்றார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிடுங்க. திருப்பி இங்க வராதீக."

கடையை மூட யாராலும் முடியாது. அதை நடத்தவும் விட மாட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது இதுதான் எனக்குப் புரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவர் போனில் கூப்பிடுவார். சிக்னல் விட்டு விட்டு வரும். விஷயத்தைச் சொன்னேன்.

"பேசாம மூடிட்டு இரேன். நீ எதுக்கு ஊர்ப் பகையச் சம்பாதிக்க?" என்றார்.

"வீட்டு லோன யாரு கட்டுவா?"

"அம்மா சாப்ட்டாகளா?" என்று கேட்டார்.

என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அவள்தான் தேர் ஓடும் வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை காலியாக இருப்பதைச் சொன்னாள். "இங்க வா. பஜார் தெரு. எவன் வண்டி எங்க நின்னாலும் எவனும் கேக்க மாட்டான்" என்றாள். எங்கள் தெருவில் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்த எனக்கு அந்த வார்த்தையே போதுமாக இருந்தது. அத்தையைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். ஒரு நாற்காலியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

காலையில் அத்தைக்கு எல்லாம் முடித்துவிட்டு பஸ் ஏறுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேற்கே மலை கூடவே வரும். கையில் வேலை எதுவுமில்லாமல் நான் உட்கார்ந்திருந்த நேரம் அந்த பஸ்ஸில்தான். மாடியில் கடையைத் திறந்து ஜன்னலைத் தள்ளினால் கீழே பைக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். ஆட்டோக்கள் கத்தும். கோயிலுக்கு வந்த கூட்டம் பால்கோவா கடையில் நிற்கும். யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் போனைக் கீழே வைக்க முடியவில்லை. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஐப்ரோ எடுக்கும்போதும் ஒரு காது போனில் இருக்கும். "புரட்டிப் போட்டியா?" "போட்டேன்க்கா." "கஞ்சி குடிச்சாகளா?" "குடிச்சாகக்கா." அந்தப் பெண் எப்போது கேட்டாலும் ஒரே குரலில் பதில் சொல்வாள்.

ஒருநாள் மதியம் கரண்டு போய் நெடுநேரம் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவு வெளியே பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். வீட்டில் அந்தப் பெண் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அத்தை நான் காலையில் படுக்க வைத்த அதே பக்கம் படுத்திருந்தார். படுக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. தலைமாட்டில் காலையில் நான் மூடி வைத்த கஞ்சி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அவருடைய வாய் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சத்தமே இல்லாமல். வேலைக்குப் போகும் மருமகளைக் குறை சொல்லவும் அவருக்கு வாய் இல்லை.

குளிப்பாட்டிப் புரட்டியபோது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கன்றியிருந்தது. அதற்கு மருந்து போட்டபடியே முடிவு செய்தேன். அக்காவுக்குப் போன் செய்து அறையைக் காலி செய்துவிடச் சொன்னேன். "அவசரப்படாத, வேற ஆளப் பாப்போம்" என்றாள். அடுத்த ஆளும் பூட்டிவிட்டுப் போனால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

நாற்காலி திரும்பி வந்து இறங்கியதை ஜன்னல்களிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் போக வேறு இடமில்லை என்பது தெருவுக்கே தெரிந்துபோனது.

அதன்பிறகுதான் எதிர்வீட்டுக்குப் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் சங்கம், மனு, ஸ்டேஷன் என்று ஆனபிறகு அந்த கேட்டைத் திறப்பது பெரிய மலையேறுவது போல இருந்தது. அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மதினி உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, சங்கம் கெடக்கட்டும். உங்களுக்கு என்ன செஞ்சா சரியா இருக்கும்? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "நான் மனுவுல கையெழுத்துப் போடல, தாயி. பாத்தியா?"

பார்த்திருந்தேன். அவர் பெயர் அதில் இல்லை.

"முப்பது வருசம் மனு வாங்கினவன் நான். மனு குடுத்து ஒருத்தன் வீட்டுப் பிரச்சனையும் தீந்ததில்ல. எனக்கு வேண்டியது அந்த மூணு நாளு காலையில கேட்டுக்கு முன்னால ஒண்ணும் நிக்கக் கூடாது. அம்புட்டுதான்."

உள்ளேயிருந்து மதினி, "அம்புட்டு இல்ல" என்றார்.

நான் உள்ளே போனேன். மதினி எழுந்து உட்கார்ந்து இடது கையை முன்னால் நீட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்து வளைந்து ஓடியது. ஊசி போட்ட இடமெல்லாம் தழும்பு.

"வண்டி நின்னதுகூடப் போவட்டும், ஏட்டி. அன்னைக்கி நைட்டியோட காருக்குள்ள உக்காந்திருக்கேன். உன் வீட்டு வாசல்ல நின்னவளுக அம்புட்டு பேரும் என்னையே பாக்காளுக. ஒருத்தி சிரிச்சா. அழகு பண்ணிட்டுப் போக வந்தவளுக கண்ணுக்கு நான் எப்படித் தெரிஞ்சிருப்பேன்?"

"உங்களப் பாத்து சிரிக்கல மதினி. அந்தப் பெரியம்மா தொப்பிய..."

"யாரப் பாத்து சிரிச்சா என்ன. நான் அப்ப அங்க இருந்தேனில்ல."

"நான் வேணா இங்க வந்து உங்களுக்குத் தலைமுடிய வெட்டி, ஒரு..." என்று ஆரம்பித்தேன். "வேண்டாம்" என்றார் உடனே. கோபமாக இல்லை. கையை மறுபடி முந்தானைக்குள் எடுத்துக்கொண்டார்.

நான் அங்கே நின்றே சொன்னேன், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் பார்லரைத் திறக்க மாட்டேன், உங்கள் வண்டி தெருவை விட்டுப் போனபிறகுதான் ஆள் வருவார்கள் என்று. சொல்லும்போதே சனிக்கிழமைக் காலை என் மனதில் கனத்தது. பாதி வேலை அன்றைக்குத்தான்.

அண்ணாச்சிதான் மற்றதை ஒழுங்கு செய்தார். செயலாளர் வீட்டுக்கு என்னோடு வந்து, "கடைய மூடச் சொன்னா அந்தப் பிள்ள எங்க போவும்? அவிய வீட்ல ஒரு உசிரு படுத்துக் கெடக்குல்ல" என்றார். "வண்டிக்கு ஒரு வழியச் சொல்லுங்க, அத அந்தப் பிள்ள கேக்கும்." செயலாளர் தன் தணிந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போர்டைக் கழற்ற வேண்டும். போனில் நேரம் வாங்கியவர்கள் மட்டும் வர வேண்டும், ஒருவர் போனபிறகுதான் அடுத்தவர். விளக்கு வைத்தபிறகு யாரும் வரக் கூடாது. ஸ்கூட்டி என் கேட்டுக்குள் நிற்க வேண்டும். கார், வேன் தெருவுக்குள் வரவே கூடாது. தெருமுனையில் இருக்கும் கல்யாண மண்டபத்துக் காலியிடத்தில் நிறுத்த அதன் சொந்தக்காரரிடம் அண்ணாச்சியே பேசி அனுமதி வாங்கினார், மண்டபத்தில் விசேஷம் இல்லாத நாட்களுக்கு மட்டும். கூட்டிவரும் ஆண்கள் இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும்.

மண்டபத்தில் விசேஷம் இருக்கும் நாள்தான் எனக்கும் வேலை இருக்கும் நாள். அதை நான் அங்கே சொல்லவில்லை.

நகராட்சி லைசென்ஸ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மனு அத்தோடு நின்றுபோனது. கையெழுத்துப் போட்ட பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், ஒன்றும் நடக்காதது போல. செயலாளரின் மனைவி மட்டும் முன்வாசல் வழியாக வருவதில்லை. பின்பக்கச் சந்து வழியாக அடுப்படிக்குள் நுழைந்து, "அவுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று சிரிப்பார். அவருக்கு அடுப்படி ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் ஐப்ரோ எடுக்கிறேன்.

ஆனால் முன்பு நான் செய்தது ஒரு வேலை. இப்போது இரண்டு. நூலைக் கையில் வைத்துக்கொண்டே காது தெருவில் இருக்கிறது. பைக் சத்தம் கேட்டு நிற்காமல் போய்விட்டால் நிம்மதி. நின்றால் எழுந்து ஜன்னல் திரையை விலக்க வேண்டும். "தம்பி, இங்க நிக்காதீங்க, முனைக்குப் போயிருங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. சிலர் முறைப்பார்கள். ஒருத்தி, "காசு குடுத்து வாரோம், திருட வந்த மாதிரி வெரட்டுறீங்க" என்று பாதியிலேயே எழுந்து போனாள். அப்படியும் யாராவது எங்காவது ஒரு ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டால், நான் பார்ப்பதற்கு முன்னால் குழுவில் படம் வந்துவிடும். அது என் வீட்டுக்கு வந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருமுறை தலைவர் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் வண்டிக்கு நான் பதில் சொன்னேன்.

அத்தைக்குப் புண் ஆறிவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு நான் கண்ணுக்கு மறைந்தால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். வாடிக்கைக்காரி படுத்திருக்கும்போது தட்டல் கேட்டால், "இந்தா வாரேன் அத்தை" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பேன். நின்றுவிடும். செத்த நேரம் கழித்து மறுபடி தொடங்கும்.

கணவர் லீவுக்கு வந்தபோது மாடியில் ஒரு அறை கட்டி, படியை வெளிப்பக்கமாக விட்டால் என்ன என்று கயிறு பிடித்து அளந்து பார்த்தார். "மேல கட்டினாலும் வண்டி கீழதான நிக்கும்?" என்றேன். கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டார். லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டு வரை போக எனக்கு ஆசை. அத்தையைத் தனியே விட முடியாமல் கேட்டிலேயே நின்றுகொண்டேன்.

போன முகூர்த்த மாதம் மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கல்யாணப் பெண்ணே பேசினாள். "உங்க மேக்கப்ப எங்க சித்தி கல்யாணத்துல பாத்தேன்க்கா. நீங்கதான் செய்யணும். நாங்க ஒரு வேன்ல வந்துருவோம்."

"வேன் எங்க தெருவுக்குள்ள வராதும்மா. மண்டபத்துலயும் அன்னைக்கி விசேஷம், நிறுத்த முடியாது."

"அப்ப நீங்க எங்க வீட்டுக்கு வாங்கக்கா. ரெண்டு நாளு தங்குற மாதிரி."

"வீட்ட விட்டு வர முடியாதும்மா."

பின்னால் யாரோ அவளிடம் என்னவோ கேட்பது காதில் விழுந்தது. "சரிக்கா, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றாள். சொல்ல மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். போனை வைத்தேன். கண்ணாடி முன்னால் இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. அடுத்து வர வேண்டியவளுக்கு இன்னும் நேரம் இருந்தது. தெருவில் ஒரு வண்டியும் இல்லை. உள்ளே போய் அத்தையைப் புரட்டிப் போட்டேன்.